‘விரைவில் அனுப்பி உதவவும்’ என்று முடித்தால் விதை எப்போது வரும்?



இந்த முறை பாடம் வயலில் இல்லை. விதைக்காரருக்கும் புண்ணாக்குக்காரருக்கும் நாம் அனுப்பும் மெயிலின் கடைசி நாலு வரியில் இருக்கிறது. ‘இதுக்கெல்லாம் ஒரு பாடமா?’ என்று நானும்தான் கேட்டிருப்பேன். 2024-ல் எங்கள் குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

திருவாரூர் பக்கம் பன்னிரண்டு பேர் சேர்ந்த குழு எங்களுடையது. சம்பா நடவுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது வழக்கம். ஏக்கருக்கு 20 கிலோ விதை, 30 ஏக்கருக்கு 600 கிலோ. ஆளுக்கு ஆள் கடையில் வாங்காமல் மொத்தமாக ஒரு விதை வியாபாரியிடம் கேட்போம். 2024 ஜூலையில் நான்தான் மெயில் போட்டேன். என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதையெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். முடிவு மட்டும் இப்படி இருந்தது:

“எனவே மேற்கண்ட விதையை விரைவில் அனுப்பி உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். தங்கள் மேலான பதிலை எதிர்நோக்குகிறோம். நன்றி.”

படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன? அவர் பில் அனுப்புவார், அப்புறம் பணம் போடலாம் என்று நாங்கள் காத்திருந்தோம். முன்பணம் வரட்டும், மூட்டை கட்டலாம் என்று அவர் காத்திருந்தார். ஒன்பது நாள் கழித்து போன் செய்தபோது, “நீங்க அட்வான்ஸே போடலையேண்ணே” என்றார் அவர். “நீங்க பில்லே அனுப்பலையே” என்றேன் நான். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அடுத்த அடி யாருடையது என்று அந்த மெயில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விதை வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 14. தக்கைப்பூண்டை 45 நாள் வாக்கில், பூ எடுக்கும் தறுவாயில் மடக்கினால்தான் தழை நிறைய கிடைக்கும், தண்டும் முற்றியிருக்காது. ஆகஸ்ட் 14-க்குப் பிறகு விதைத்து 45 நாள் விட்டால், மடக்க அக்டோபர் பிறந்துவிடும். மட்கப் பத்து நாள் கொடுத்து நட்டால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் இளம் பயிர் தண்ணீருக்குள் நிற்கும். அதனால் எங்களில் பாதிப் பேர் 32 நாளிலேயே மடக்கினார்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் வளர்ந்திருந்தது. மீதிப் பேர் விதைக்காமலே விட்டார்கள். ரசாயன உரம் போடாத நமக்கு, அந்த வருஷத்துத் தழைச்சத்தில் பெரும்பங்கு அப்படியே போச்சு.

நாளை வயலில் இருந்து எண்ணுங்கள்

‘விரைவில்’ என்ற சொல்லுக்கு அனுப்புகிறவர் மனதில் ஒரு நாள், வாங்குகிறவர் மனதில் ஒரு நாள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ஒரு தேதியை வைக்க வேண்டும். அது நாமாக நினைத்துக்கொண்ட தேதியாக இருந்தால் பிடிமானம் இருக்காது. நடவு நாளில் தொடங்கிப் பின்னோக்கி எண்ணித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். 2025-ல் நாங்கள் எண்ணியது இது:

- நடவு: செப்டம்பர் 25, வியாழன்.
- மட்குவதற்குப் பத்து நாள். எனவே மடக்கி உழுவது செப்டம்பர் 15, திங்கள்.
- வளர 45 நாள். எனவே விதைப்பு ஆகஸ்ட் 1, வெள்ளி.
- முளைப்பு பார்க்க ஐந்து நாள், பிரித்துக் கொடுக்க இரண்டு நாள். எனவே விதை ஊருக்கு வந்து சேர வேண்டியது ஜூலை 25, வெள்ளி.
- லாரிக்கு நாலு நாள். எனவே அங்கே ஏற்ற வேண்டியது ஜூலை 21, திங்கள்.
- மூட்டை கட்ட மூன்று நாள், நடுவில் ஒரு ஞாயிறு. எனவே முன்பணம் போய்ச் சேர வேண்டியது ஜூலை 17, வியாழன்.
- பில்லைப் பார்த்து, பன்னிரண்டு பேரிடமும் பணம் வசூல் பண்ண மூன்று நாள். எனவே பில் எங்கள் கைக்கு வர வேண்டியது ஜூலை 14, திங்கள்.

மெயில் எழுதிய நாள் ஜூலை 10, வியாழன். இதில் உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். நீண்டகால ரகம் நடுகிறவர் முன்னாடியே தொடங்குவார், ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்கிறவர் முறை வரும் நாளைப் பார்ப்பார். எந்தக் கணக்காக இருந்தாலும், எண்ணி முடித்ததும் ஒன்று தெரிந்துவிடும். விதைக்காரரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் தேதி விதை வரும் தேதி அல்ல, பில் வரும் தேதி. அவருடைய அடுத்த அடி அதுதான். 2024-ல் நான் கேட்கத் தவறியதும் அதைத்தான்.

முடிவில் நாலு வரி

வியாபாரி நம்ம மெயிலை மேஜையில் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பதில்லை. குடோனில் நின்றுகொண்டு, செல்போனில், நடுவில் யாராவது கூப்பிடும்போது பார்க்கிறார். முதல் இரண்டு வரி, பிறகு விரலால் தள்ளிக் கடைசி வரி. எனவே கடைசியில் நாலு விஷயம் மட்டும் வர வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது எது, எந்த நாளுக்குள்? அதன்பின் நாங்கள் செய்வது எது, எந்த நாளுக்குள்? அது நடக்காவிட்டால் என்ன? சந்தேகம் இருந்தால் யாரைக் கூப்பிடுவது?

2025-ல் நாங்கள் அனுப்பிய மெயிலை அப்படியே தருகிறேன்.

> பொருள்: தக்கைப்பூண்டு விதை 600 கிலோ – பில் தேவை, ஜூலை 14 திங்களுக்குள்
>
> ஐயா, வணக்கம்.
>
> சம்பா பட்டத்துக்குத் தக்கைப்பூண்டு விதை 600 கிலோ, 25 கிலோ மூட்டையாக 24 மூட்டை வேண்டும். போனில் பேசியபடி கிலோ 90 ரூபாய், மொத்தம் 54,000 ரூபாய். விதை நேர்த்தி மருந்து எதுவும் கலக்காத விதையாக இருக்க வேண்டும். அதைப் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். தக்கைப்பூண்டு இல்லாவிட்டால் சணப்பு அனுப்ப வேண்டாம். எங்கள் வயலில் தண்ணீர் தேங்கும்.
>
> 1. நீங்கள்: ஜூலை 14 திங்கள் பகல் 12 மணிக்குள் பில்லை இந்த மெயிலுக்கே அனுப்புங்கள். 600 கிலோ இல்லை என்றால், எவ்வளவு இருக்கிறது என்று அதே நேரத்துக்குள் சொல்லுங்கள்.
>
> 2. நாங்கள்: பில் வந்தால், ஜூலை 17 வியாழன் மாலை 5 மணிக்குள் பாதிப் பணம் 27,000 ரூபாய் உங்கள் கணக்கில் போட்டு, யூ.டி.ஆர். எண்ணை அனுப்புவோம். மீதி 27,000 ரூபாய், சரக்கு வந்து இறங்கிய அன்றே.
>
> 3. சரக்கு ஜூலை 25 வெள்ளிக்குள் எங்கள் ஊர் லாரி ஆபீசுக்கு வந்து சேர வேண்டும். அதற்கு ஜூலை 21 திங்கள் அங்கே ஏற்றியாக வேண்டும். ஏற்றிய அன்றே எல்.ஆர். ரசீதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.
>
> 4. ஜூலை 14 திங்கள் மாலை வரை பதில் இல்லையென்றால், 15 செவ்வாய் காலை வேறு இடத்தில் விதை கேட்போம். ஆகஸ்ட் 1-க்கு மேல் விதைத்தால் எங்களுக்குப் பயன்படாது.
>
> இப்படிக்கு,
> (பெயர்), விதை கொள்முதல் பொறுப்பு, உழவர் குழு
> செல்: (எண்) – காலை 6 முதல் 9 வரை வயலில் இருப்பேன், 9-க்கு மேல் எப்போதும் பேசலாம்
> சரக்கு இறங்கும் இடம்: (லாரி ஆபீஸ் பெயர், ஊர், எண்)

இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. முக்கியமான சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

கிழமையும் தேதியும் சேர்ந்தே வரட்டும்

ஜூலை 10 வியாழனன்று உட்கார்ந்து ‘அடுத்த வெள்ளிக்குள்’ என்று எழுதினால் அது எந்த வெள்ளி? எனக்கு அது 18. வாங்கிப் படிப்பவருக்கு மறுநாளே வரும் 11-ஆகவும் இருக்கலாம். ‘வரும் வெள்ளி’ என்றாலும் இதே குழப்பம்தான். மெயிலை அவர் இரண்டு நாள் கழித்துத் திறந்தால் கணக்கே மாறிப்போகும். ‘வார இறுதிக்குள்’ என்பதை ஒருவர் வெள்ளி என்று எடுப்பார், இன்னொருவர் ஞாயிறு என்று எடுப்பார்.

தேதியை மட்டும் எண்ணில் எழுதினாலும் சிக்கல் உண்டு. 5/8 என்றால் நமக்கு ஆகஸ்ட் 5. சில கம்ப்யூட்டர் பில்லில் மாதம் முன்னால் வரும், அது மே 8 ஆகிவிடும். ‘ஆடிப் பத்துக்குள்ள’ என்று ஊருக்குள் பேசுவோம். ஆடி பிறப்பது ஜூலை நடுவில் என்பதால், அந்தப் பக்கம் கணக்குப் பிள்ளை அதை ஜூலை 10 என்று குறித்துக்கொள்ளவும் கூடும். மாதப் பெயரை எழுதி, தேதியை எழுதி, கிழமையையும் எழுதுங்கள். கிழமை சேர்த்தால் இன்னொரு லாபம் இருக்கிறது. நீங்கள் தேதியைத் தவறாக அடித்திருந்தால் கிழமை இடிக்கும். அவர் உடனே போன் செய்து, “14 திங்களாச்சே, நீங்க செவ்வாய்னு போட்டிருக்கீங்களே” என்று கேட்பார். தப்பு அங்கேயே பிடிபட்டுவிடும்.

நேரத்தையும் போடுங்கள். ‘14-க்குள்’ என்றால் 14 சேர்த்தியா இல்லையா என்று ஒரு வாதம் இருக்கிறது. ‘14 திங்கள் பகல் 12 மணிக்குள்’ என்றால் வாதமே இல்லை. பகல் 12 என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. பதில் வராவிட்டால் அன்று மாலைக்குள் நாமே கூப்பிட்டுப் பேச நேரம் இருக்கும். தேதியை வைக்கும் முன் நாள்காட்டியையும் ஒரு முறை பாருங்கள். அந்த ஜூலையில் 12 இரண்டாம் சனி, 13 ஞாயிறு. 12 அல்லது 13 என்று கேட்டிருந்தால் அது பேருக்குத்தான் தேதியாக இருந்திருக்கும்.

‘அனுப்ப’ வேறு, ‘வந்து சேர’ வேறு

இந்த ஒரு சொல்லில் ஏமாந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ‘25-க்குள் அனுப்பவும்’ என்று எழுதினால், 25 மாலை லாரியில் ஏற்றிவிட்டு அவர் சொன்னதைச் செய்துவிட்டார். நமக்கு வருவது 29. அவரைக் குறை சொல்ல வழியில்லை. எனவே இரண்டையும் எழுத வேண்டும். ஏற்றும் நாள் இது, வந்து சேரும் நாள் இது. எல்.ஆர். ரசீது கேட்பது அதனால்தான். ரசீதில் ஏற்றிய தேதி இருக்கும், மூட்டை எண்ணிக்கை இருக்கும். அது 21 அன்று இரவு வரவில்லை என்றால், 22 காலையிலேயே தெரிந்துவிடும். 25 வரை காத்திருந்து ஏமாற வேண்டாம்.

வந்து சேரும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். லாரி ஆபீஸ் வரைக்கும் என்றால், அங்கிருந்து டாட்டா ஏஸ் வாடகை நம்முடையது. களம் வரைக்கும் என்றால் அவருடையது. சொல்லாமல் விட்டால் மூட்டை லாரி ஆபீசில் கிடக்கும். அவர் சொல்லியிருப்பார் என்று நாமும், போய் எடுத்திருப்பார்கள் என்று அவரும் இருப்போம்.

‘இல்லை’ என்று சொல்லவும் நாள் கொடுங்கள்

முதல் வரியின் இரண்டாம் பாதியைப் பாருங்கள். ‘600 கிலோ இல்லை என்றால், எவ்வளவு இருக்கிறது என்று அதே நேரத்துக்குள் சொல்லுங்கள்.’ எங்கள் அனுபவத்தில் அதிகம் உதவியது இந்த வரிதான்.

வியாபாரிக்கு ‘இல்லை’ என்று சொல்ல மனம் வராது. எங்கிருந்தாவது புரட்டிக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பார். நாளை, நாளன்றைக்கு என்று தள்ளுவார். நாம் கேள்வியை அப்படி வைத்துவிட்டால், ‘இவ்வளவுதான் இருக்கிறது’ என்று சொல்வதும் சரியான பதிலாகிவிடுகிறது.

அந்த வருஷம் அப்படித்தான் ஆச்சு. ஜூலை 14 காலை 11 மணிக்குக் கூப்பிட்டார். “அண்ணே, 450 கிலோதான் இருக்கு. மீதிக்கு ஆகஸ்ட் ஆகும்.” மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும், கையில் பதினெட்டு நாள் இருந்தது. மீதி 150 கிலோவை, சொந்தமாகத் தக்கைப்பூண்டு விதை எடுக்கும் பக்கத்து வட்டத்து உழவர் ஒருவரிடம் பேசி முடித்தோம். இதே சேதி ஆகஸ்ட் முதல் வாரத்தில் தெரிந்திருந்தால், ஏழெட்டு ஏக்கர் தழையில்லாமல் போயிருக்கும்.

போனில் பேசியதை மெயிலில் முடியுங்கள்

போனில் பேசி முடித்ததோடு விடக் கூடாது. எண்ணிக்கை மாறிவிட்டது, பணம் மாறிவிட்டது. பழைய மெயிலில் 600 என்றுதான் இருக்கிறது. அன்று பகலே அதே மெயிலுக்குக் கீழே இப்படி எழுதினோம்:

> ஐயா, இன்று ஜூலை 14 காலை போனில் பேசியபடி: 450 கிலோ, 18 மூட்டை, 40,500 ரூபாய். மீதி 150 கிலோ உங்களிடம் வேண்டாம், நாங்கள் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம்.
>
> நீங்கள்: இன்று மாலை 6 மணிக்குள் 450 கிலோவுக்குப் பில்.
> நாங்கள்: ஜூலை 17 வியாழன் மாலை 5 மணிக்குள் 20,250 ரூபாய்.
> ஏற்றும் நாள் ஜூலை 21 திங்கள், வந்து சேரும் நாள் ஜூலை 25 வெள்ளி. இவற்றில் மாற்றம் இல்லை.

‘மீதி உங்களிடம் வேண்டாம்’ என்ற வரியைக் கவனியுங்கள். அதை எழுதாவிட்டால், நல்ல மனதோடு அவர் ஆகஸ்ட் கடைசியில் 150 கிலோவை அனுப்பி வைப்பார். நமக்குத் தேவை முடிந்திருக்கும், பில் மட்டும் வரும். கடைசி வரியும் அப்படித்தான். ஒன்று மாறும்போது, மாறாதவற்றையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கை மாறியதால் நாளும் தள்ளிப்போயிற்று என்று அவர் நினைத்துக்கொள்வார்.

‘இல்லையென்றால்’ என்று எழுதினால் செய்யவும் வேண்டும்

நாலாம் வரியைப் படித்துவிட்டு எங்கள் குழுவில் ஒரு பெரியவர் தயங்கினார். “மிரட்டுற மாதிரி இருக்கேப்பா” என்றார். காரணத்தைச் சேர்த்து எழுதியதும் அந்தத் தயக்கம் போயிற்று. ‘ஆகஸ்ட் 1-க்கு மேல் விதைத்தால் எங்களுக்குப் பயன்படாது’ என்பது கோபமில்லை, பயிரின் கணக்கு. விதை விற்கிறவருக்கும் பட்டம் தெரியும். அவர் அதைப் புரிந்துகொள்வார்.

ஆனால் எழுதியதைச் செய்ய வேண்டும். அதே பருவத்தில் வேப்பம்புண்ணாக்குக்கு இன்னொருவருக்கு எழுதினோம். குறித்த நேரத்துக்குப் பதில் இல்லை. மாலை 4 மணிக்குப் போன் செய்தோம், எடுக்கவில்லை. 5 மணிக்கு ஒரு மெயில் போட்டோம். அதில் ‘நினைவூட்டல்’ என்று மட்டும் எழுதிப் பழைய மெயிலைத் திருப்பி அனுப்பவில்லை. நிலைமையையும் புது நேரத்தையும் எழுதினோம்:

> ஐயா, இன்று பகல் 12 மணிக்குக் கேட்டிருந்த பில் இன்னும் வரவில்லை. மாலை 4 மணிக்குப் போன் செய்தோம். நாளை செவ்வாய் காலை 11 மணி வரை பார்ப்போம். அதற்குள் பில் வராவிட்டால் வேறு இடத்தில் வாங்கிவிடுவோம்.

மறுநாள் 11 மணி தாண்டியதும் வேறு இடத்தில் சொல்லிவிட்டோம். சொன்ன கையோடு முதல் ஆளுக்கு, ‘வேறு இடத்தில் வாங்கிவிட்டோம், இந்த ஆர்டர் ரத்து, சரக்கு அனுப்ப வேண்டாம்’ என்று இரண்டு வரி அனுப்பினோம். பலர் மறப்பது இதைத்தான். ரத்து என்று சொல்லாமல் விட்டால் இரண்டு லோடு வந்து நிற்கும். இரண்டு பேருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

‘பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்’ என்று எழுதும் பழக்கமும் சிலருக்கு உண்டு. சின்ன விஷயத்துக்கு அது சரி. ‘வேறு இடம் சொல்லாவிட்டால் மூட்டையைப் பழைய லாரி ஆபீசிலேயே எடுத்துக்கொள்கிறோம்’ என்று எழுதலாம். விலைக்கும் எண்ணிக்கைக்கும் அப்படி எழுதாதீர்கள். அவர் மெயிலையே பார்த்திருக்க மாட்டார். நாம் மட்டும் விலை முடிந்தது என்று நம்பிக்கொண்டிருப்போம்.

பெயருக்குக் கீழே என்ன?

‘இப்படிக்கு, உழவர் குழுவினர்’ என்று முடித்தால் அவர் யாரைக் கூப்பிடுவார்? பன்னிரண்டு பேரில் யாரையாவது கூப்பிடுவார். அவர் ஒன்று சொல்வார், நாம் ஒன்று சொல்வோம். ஒரே பெயர், ஒரே எண், அவருடைய பொறுப்பு, பேசக்கூடிய நேரம். காலை வேளையில் மடையில் நிற்கும்போது போனை எடுக்க மாட்டோம் என்றால் அதை எழுதிவிடலாம். எடுக்காத போனுக்காக வேலை நிற்காது.

அதற்குக் கீழே வாசகமோ, படமோ, குழுவின் முகவரிப் பட்டியலோ வேண்டாம். நீளமான கையெழுத்துப் பகுதி இருந்தால், செல்போனில் கடைசிக்குத் தள்ளும்போது கண்ணில் படுவது அதுதான். நாம் பார்த்துப் பார்த்து வைத்த நாலு வரியும் நடுவில் மறைந்துபோகும்.

‘நன்றி’ சொல்லலாமா? தாராளமாக. நாலு வரிக்கும் முன்னால் சொல்லுங்கள். போன வருஷம் கொடுத்த விதை நன்றாக முளைத்தது என்று ஒரு வரி எழுதினால் அவருக்கும் மகிழ்ச்சி. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘நன்றி’ மட்டும் இருந்தால்தான் சிக்கல்.

எங்கே இது போதாது?

இந்த நாலு வரி லாரி ஸ்டிரைக்கை நிறுத்தாது, மழையில் நனைந்த விதையை முளைக்க வைக்காது. எங்கள் கணக்கில் ஐந்து நாள் முளைப்புப் பார்க்க வைத்தது அதற்குத்தான். நூறு விதையை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, முளைத்ததை எண்ணினோம். 86 முளைத்தது. 80-க்குக் கீழே போனால் அதற்கேற்ப விதையைக் கூட்டிப் போடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்.

இன்னொன்று. சொந்தமாக விதை எடுக்கும் உழவர்கள் பலர் மெயில் பார்ப்பதே இல்லை. 150 கிலோ கொடுத்தவர் அப்படித்தான். அவருக்கு வாட்ஸ்அப்பில் இதே வரிகளைச் சுருக்கி அனுப்பினோம். ‘நீங்க: 23 புதன் சாயங்காலத்துக்குள்ள 150 கிலோ சுத்தம் பண்ணி வைங்க. நாங்க: 24 வியாழன் காலை 8 மணிக்கு வண்டியோட, முழுப் பணத்தோட வர்றோம். முடியலைன்னா 19 சனிக்குள்ள சொல்லிடுங்கண்ணே.’ வடிவம் மாறினாலும் யார், என்ன, எந்த நாள் என்பது மாறவில்லை.

ஜூலை 24 வியாழனே இரண்டு இடத்து விதையும் வந்தது. ஆகஸ்ட் 1, 2 தேதிகளில் விதைத்தோம். செப்டம்பர் 15-ல் மடக்கும்போது இடுப்பளவு நின்றது, நுனியில் மஞ்சள் பூ எட்டிப் பார்த்தது.

செய்து பாருங்கள்

கீழே உள்ள மூன்றும் நம் குழுக்களின் மெயில்களில் அடிக்கடி வரும் முடிவு வரிகள். பக்கத்தில் ஒரு தாளை வைத்து, உங்கள் பட்டத்துக்கு ஏற்ற தேதியோடு திருத்தி எழுதுங்கள்.

1. ‘சணப்பு விதை இருப்பு விவரத்தைக் கூடிய சீக்கிரம் தெரியப்படுத்தவும்.’
2. ‘மண்புழு உரத்தை மாதக் கடைசிக்குள் அனுப்பி வைக்கவும். பணம் பிறகு அனுப்பப்படும்.’
3. ‘போனில் பேசியபடி செய்யவும். நன்றி.’

முதலாவதில் யார் சொல்வது என்பது இருக்கிறது, நாள் இல்லை. சொன்ன பிறகு நாம் என்ன செய்வோம் என்பதும் இல்லை. இரண்டாவதில் ‘அனுப்பி’ என்பது ஏற்றும் நாளா, சேரும் நாளா என்று தெரியவில்லை. ‘பிறகு’ என்பது எப்போது, ‘அனுப்பப்படும்’ என்றால் யாரால் என்றும் தெரியவில்லை. மூன்றாவதில் பேசியது என்ன என்பதே இல்லை. எண்ணிக்கை, விலை, நாள் மூன்றையும் மீண்டும் எழுத வேண்டும்.

எழுதி முடித்ததும், குழுவில் அந்த விஷயமே தெரியாத ஒருவரிடம் கடைசி நாலு வரியை மட்டும் காட்டுங்கள். “நாளைக்குக் காலையில் யார் என்ன செய்யணும்?” என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் மெயிலை அனுப்பலாம். தலையைச் சொறிந்தால் இன்னும் ஒரு முறை எழுதுங்கள்.